யூலை வரியில் ஒரு பச்சைக் கட்டம்

வாயில் இருந்த தேநீர் ஐசாக்குக்கு உள்ளே இறங்கவில்லை. கணினித் திரையில், யூலை மாதத்து வரி ஒன்றில், அவர் எழுதிய கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுந்திருந்தது. கோட்டின் மேலே சின்னதாக ஒரு பெயர்: றெஜி. யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்பதை எல்லோருக்கும் காட்டுகிற பொதுக் கோப்பு அது. முன்னூற்றுச் சொச்சம் வரிகள் கிடக்க, இவனுக்கு அந்த வரியில் என்ன வேலை?

நண்டு இறைச்சியைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற சின்னக் கம்பனி. பின்னேரம் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் அன்றைய வேலையை அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதவேண்டும்; 'லொக்' என்று அதற்குப் பெயர். ஐசாக் குளிர் அறைக்குப் பொறுப்பு. றெஜி ஜெனறேற்றரையும் மெஷின்களையும் பார்க்கிறவன், குருநகர்ப் பொடியன். வருட முடிவில் முகாமையாளர் பத்மாசினி ஒரு புது வேலை தந்திருந்தாள். வருடம் முழுவதும் எழுதியதை வாசித்து ஆளுக்கு ஒரு பக்கம் எழுதவேண்டும்: மூன்று சிறப்புகள், இரண்டு பாடங்கள், அடுத்த வருடம் கவனம் வைக்கப்போகிற ஒரேயொரு விடயம்.

"நினைவில இருந்து எழுதாதேங்கோ," என்றாள். "நினைவு எப்பவும் எங்கடை பக்கம்தான் கதைக்கும். லொக்கில இருந்து எடுங்கோ. பாடத்துக்குத் திகதி போடுங்கோ. கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால வாசிக்கோணும்."

சிறப்புகளில் ஐசாக்குக்குக் கஷ்டம் இருக்கவில்லை. நல்ல நாட்களுக்கு ஒரு நிறம், சறுக்கிய நாட்களுக்கு இன்னொரு நிறம் என்று மாதம் மாதமாகத் தீட்டிக்கொண்டு வந்தார். திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தார். ஐஸ் தட்டுப்பாட்டைச் சமாளித்தது ஒன்று, கதவு றப்பரை மாற்றிக் குளிரைக் காத்தது இன்னொன்று. யூலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்த வரியில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'மாலை நாலு. குளிர் அறை சரி. ஜெனறேற்றர் சுவிட்ச் ஓட்டோவில்.' ஓட்டோவில் இருந்தால்தான் கரன்ற் போனதும் ஜெனறேற்றர் தானாக ஓடத் தொடங்கும். மனுவலில் இருந்தால் ஆள் வந்து கையால் திருகவேண்டும். அன்று ஐசாக் சுவிட்சைப் பார்க்கவேயில்லை. மானிப்பாயில் கோயில் பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று, கதிரையில் இருந்தபடியே எழுதிவிட்டு பஸ் ஏறிவிட்டார். இரவு கரன்ற் போனது. விடிய, குளிர் அறையில் இருந்த இறைச்சி முழுவதையும் குழி வெட்டித் தாட்டார்கள்.

காலையில் றெஜிதான் காதோடு காதாகச் சொன்னான்.

"அண்ணை, மனுவலில கிடந்தது. நேற்று மூண்டு மணிக்குக் கையால ஓடவிட்டுச் சோதிச்சுப் போட்டு மாத்த மறந்திட்டன் போல."

"விடு," என்றார் ஐசாக். "ஒருத்தருக்கும் சொல்லாதை."

ஜெனறேற்றர் இறுகி ஓடாமல் போனது என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள்.

இப்போது இவன் தையலைப் பிரிக்கப்போகிறானா? றெஜி மூன்று மணிக்குச் சோதித்ததாகப் பதிந்திருக்கிறான், ஐசாக் நாலு மணிக்குப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மனுவலில் விட்டதை இவன் சொல்லி, இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்தால் பொய் பளிச்சென்று தெரிந்துவிடும். குளிர் அறைப் பொறுப்புப் பறிபோகும். பதினொரு வருடமாகக் கட்டிக்காத்த பெயரும் போகும்.

அதன் பிறகு ஐசாக்குக்கு எல்லாமே ஒரு மாதிரியாகத் தெரிந்தது. றெஜி சிரித்தால் ஏன் சிரிக்கிறான்? சிரிக்காவிட்டால் என்ன மறைக்கிறான்? பத்மாசினியின் அறையிலிருந்து அவன் வெளியே வந்ததைக் கண்ட அன்று மத்தியானம் சோறு கசந்தது. வீட்டில் மனைவி சீலாவிடம் புலம்பினார்.

"அவன் என்னை மாட்டிவிடப்போறான்."

"அவனிட்டையே கேளுங்கோவன்."

"கேட்டால் உஷாராகிடுவான்."

"உங்களுக்கு விசர்," என்று சீலா எழும்பிப்போய்விட்டாள்.

ஐசாக் முந்திக்கொள்ள முடிவெடுத்தார். பாடம் இரண்டு என்று போட்டு, யூலைத் திகதியை இட்டு எழுதினார்: 'நான் நாலு மணிக்குச் சரிபார்த்த பின்னர் றெஜி சுவிட்சை மனுவலில் விட்டுச் சென்றிருந்தார். அதனால் இழப்பு ஏற்பட்டது.' அடுத்த வருடக் கவனம்: 'மெஷின் பகுதியினரைக் கண்காணித்தல்.' உடனே பத்மாசினிக்கு அனுப்பினார்.

கூட்டத்தில் தானே முதலில் வாசிக்கிறேன் என்று எழுந்தார். முதலில் சொல்கிறவன் கதைதான் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. யூலைக்கு வந்தபோது குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வாசித்து முடித்து உட்காரும்வரை றெஜியின் பக்கம் பார்க்கவில்லை.

றெஜியின் முறை வந்தது. கையில் இருந்த தாளை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"யூலைப் பாடம் மட்டும் சொல்லுறன், மிஸ். மூண்டு மணிக்குச் சோதிச்சனான். மனுவலில விட்டது நான்தான், அது என்ரை பிழை. அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகேல்லை."

பத்மாசினி திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"நீர் எனக்கு அனுப்பினதில வேற மாதிரியெல்லோ கிடக்கு?" அவள் வாசித்தாள். "'நாலு மணிக்கு ஐசாக் அண்ணை பார்த்தபோது சுவிட்ச் சரியாக இருந்தது. நாலரைக்கு நான் இரண்டாம் முறை ஓடவிட்டு, மாற்ற மறந்துவிட்டேன். அதை லொக்கில் பதியவில்லை. முழுத் தவறும் என்னுடையது.'"

"அது பொய், மிஸ்," என்றான் றெஜி. "ரெண்டாந்தரம் நான் ஓடவிடேல்லை. லொக்கைப் பாருங்கோ."

அவள் யூலையைத் திறந்தாள். மூன்று மணிக்கு ஒரு சோதனை. நாலு மணிக்கு ஐசாக்கின் வரி, 'ஓட்டோவில்' என்று. இரண்டும் பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் நின்றன. அன்று அந்தப் பச்சைக் கட்டம் ஏன் தன் வரியில் வந்து நின்றது என்பது ஐசாக்குக்கு அப்போதுதான் புரிந்தது. தான் சொல்லப்போகிற பொய் அண்ணையின் நேரத்தோடு இடிக்கக்கூடாது என்று பொடியன் பார்த்திருக்கிறான்.

"ஐசாக், நீங்கள் சுவிட்சைப் போய்ப் பார்த்தனீங்களோ?"

"இல்லை," என்றார்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஐசாக்கின் பொறுப்பைப் பறிக்கவில்லை. கம்பனிக்கே ஒரு கவனம் என்று பத்மாசினி எழுதிக்கொடுத்தாள்: ஒருவர் பார்த்ததை இன்னொருவர் போய்ப் பார்த்து, அந்த வரியிலேயே ஒப்பமிட வேண்டும். குளிர் அறை வரிக்கு றெஜியைப் போட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ஐசாக் வெளியே ஓடினார். றெஜி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான்.

"றெஜி, நீ அந்தக் கட்டத்தில நிண்டதைப் பார்த்துத்தான் நான்..."

"ஒருக்கால் கேட்டிருக்கலாமே, சேர்," என்றான் அவன்.

அண்ணை எப்போது சேர் ஆனார்?

தை பிறந்தது. இப்போது ஐசாக் தினமும் நாலு மணிக்கு ஜெனறேற்றர் அறைக்குப் போகிறார். சுவிட்சைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார். எழுதிய கையோடு எழும்பிப்போக மனம் வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் றெஜி எழும்பி, அவரைக் கடந்து, அதே அறைக்குப் போகிறான். திரும்பி வந்து உட்காருகிறான். ஐசாக்கின் வரியைச் சுற்றிப் பச்சைக் கோடு விழுகிறது. அவர் எழுதியது உண்மைதானா என்று பார்க்கத்தான் அவன் வந்திருக்கிறான்.