நாற்பது நிமிஷமும் நானூறு நிமிஷமும்

“உன் கணக்குல நான் எங்க இருக்கேன்?” என்று ஒருமுறை அவளுடைய கணவன் கேட்டான்.

அவன் லைன்மேன். ஆளின் உயரத்தைப் பார்த்து எல்லோரும் கொக்கு என்றே கூப்பிடுவார்கள். அதே மின் அலுவலகத்தில் மின்தடைப் பதிவேடு எழுதுவது அவள் வேலை. அன்று காலை ஒன்பது பத்துக்கு ஆற்றோர லைனில் கரண்ட் போனது, ஒன்பது ஐம்பதுக்கு வந்தது என்று எழுதியிருந்தாள். அவனோ சாயங்காலம்தான் கையெல்லாம் சிராய்ப்போடு வீடு வந்தான்.

“ஒன்பது ஐம்பதுக்கே முடிஞ்சிடுச்சாம். அப்ப மூணு ஐம்பது வரைக்கும் கம்பத்து மேல நின்னது யாரு? நெஜக் கொக்கா?”

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு சிராய்ப்புக்கு மருந்து போட்டபோது, “கம்பம் அடியில அரிச்சிருக்கு. இன்னைக்கு ஏறினப்ப லேசா ஆடிச்சு” என்று மெல்லச் சொன்னான். அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆற்றோர லைனின் கடைசிக் கிளையில் பன்னிரண்டு வீடுகள். அங்கே கம்பம் சாய்ந்து கம்பிகள் உரசினால் ஆயிரத்து ஐநூறு இணைப்புக்கும் கரண்ட் போகும். கொக்கு போய் அந்தக் கிளையை மட்டும் பிரித்துவிடுவான். துணைமின் நிலையத்தில் அந்த லைனின் பெரிய சுவிட்சான பிரேக்கரைப் போட, மற்றவர்களுக்கு வெளிச்சம் வரும். பிரேக்கர் போட்டதும் பதிவேட்டை முடித்துவிடுவது அவள் சேருவதற்கு முன்பிருந்தே அலுவலகத்தின் பழக்கம். பன்னிரண்டு வீடும் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தன என்பது எதிலும் ஏறாது.

மாதக் கடைசி நாள் அவள் கணக்கு போட்டாள். ஒவ்வொரு தடையிலும் பாதித்த இணைப்புகளை நிமிஷத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அலுவலகத்தின் மொத்த இணைப்பான ஆறாயிரத்தால் வகுத்தால் சைடி. ஓர் இணைப்புக்குச் சராசரியாக எத்தனை நிமிஷம் கரண்ட் இல்லை என்று அது சொல்லும். நிமிஷத்தை விட்டுவிட்டு, பாதித்த இணைப்புகளை மட்டும் கூட்டி வகுத்தால் சைஃபி. அது எத்தனை தடவை என்று சொல்லும். சைடி நாற்பத்து நான்கு வந்தது. எல்லை நாற்பத்தைந்து. தாண்டினால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஆனால் அப்படி எழுதும் காரணத்தோடு கேட்கிற பழுது வேலைக்குத்தான் மேலிடத்தில் முதல் இடம் கிடைக்கும்.

அவள் கணவனுடைய வேலைக் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். இந்த மாதம் மூன்று தடவை. பிரேக்கர் போட்ட பிறகும் அந்த வீடுகள் முந்நூற்று அறுபது, இருநூற்று ஐம்பது, நூற்றுத் தொண்ணூறு நிமிஷம் காத்திருந்தன. மொத்தம் எண்ணூறு. பன்னிரண்டால் பெருக்கி ஆறாயிரத்தால் வகுத்தாள். ஒன்று புள்ளி ஆறு.

இன்ஜினியரின் அறைக்குத் தாளோடு போனாள். தசமப் புள்ளி ஒன்று தவறினாலும் தாளைத் திருப்பி அனுப்புகிறவர், அதனால் எல்லோருக்கும் அவர் புள்ளி சார். இன்றோடு ஓய்வு பெறுகிறார். மூன்று வருஷமாக ஒரு மாதம்கூட எல்லையைத் தாண்டவில்லை என்பது அவருக்குப் பெருமை. அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தன் மேஜை விசிறியை ஒன்றும் சொல்லாமல் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான்.

“நாற்பத்தஞ்சு புள்ளி ஆறா? காலையில நாற்பத்து நாலுன்னு சொன்னியேம்மா.”

“கடைசிக் கிளையைச் சேர்த்தேன் சார்.”

“சைஃபி அப்படியே இருக்கே?”

“அந்தப் பன்னிரண்டு வீடும் மத்தவங்களோடதான் சார் போச்சு. தடவை ஏற்கெனவே எண்ணியாச்சு. திரும்பி வந்ததுதான் தனியா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பன்னிரண்டு வீடும்மா. கடல்ல கரைச்ச பெருங்காயம். இன்னைக்கோட போறவன்கிட்ட இதைக் கொண்டு வரியே.”

அவள் தாளில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். சபையில் ஒரு வார்த்தை பேசாதவள் அவள்.

“சராசரியில கரைஞ்சிடுது சார். அன்னைக்கு லைனுக்கு நாற்பது நிமிஷம். அவங்களுக்கு நானூறு.” சற்று நின்று, “மேல ஏறினவருக்கும்தான். கம்பம் ஆடுதுன்னு சொன்னார்” என்றாள்.

“கொக்கு என்கிட்ட சொல்லலையே.”

“நீங்க நல்லபடியா ஓய்வு பெறணும்னுதான் சார் அவர் சொல்லாம விட்டுட்டார்.”

அவர் தாளை அருகே இழுத்துக்கொண்டார். ஒருமுறை பேனாவை மூடினார். பிறகு திறந்து, காரணக் கட்டத்தில், கடைசிக் கிளையின் கம்பத்தை உடனே மாற்ற வேண்டும், அதுவரை அதில் ஆள் ஏறக் கூடாது, ஏணி வண்டி அனுப்பவும் என்று எழுதினார். ஒன்று புள்ளி ஆறைத் தானே இன்னொரு முறை வகுத்துப் பார்த்துச் சரி என்று குறித்தார். கையெழுத்திட்டார்.

அறைக்கு வெளியே சுவரில், கொக்கு கம்பம் ஏறும்போது கட்டும் இடுப்புப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் கொக்கியை இழுத்துப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். மீண்டும் ஆணியில் மாட்டி, முறுக்கின்றி நேராக்கினார். தன் மேஜை விசிறியைத் தூக்கி வந்து மறுபடியும் அவள் மேஜையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.