பராதீனம்

வெளிநாட்டில் பிழைக்கும் எங்கள் வியட்நாம் சந்தைக்காரர்களிடம் ஒரு வழக்கம். கூடப்பிறந்தவர்கள் அனுப்பும் பத்திரத்தை யாரும் வரிவரியாகப் படிக்க மாட்டார்கள். படித்தால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். நானும் படிக்கவில்லை. கியெம் அண்ணன் வியட்நாமிலிருந்து போனில் அனுப்பியதை அப்படியே அச்செடுத்து, நகம் திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் தூதரகத்துக்குப் போனேன்.

ஊரில், தாய் பின் என்ற இடத்தில் இருக்கும் வீடு என் உழைப்பு, என் ஒருத்தி பேரில் இருக்கிறது. கால் சரியில்லாத தங்கை லுவா அதில்தான் இருக்கிறாள். அப்பா படத்துக்கு ஊதுபத்தி வைப்பவளும் அவள்தான். வீட்டின் சிவப்புப் புத்தகத்தை, அதாவது உரிமைச் சான்றை, புதுப்பிக்கத்தான் அண்ணன் என்னிடம் பவர் பத்திரம் கேட்டிருந்தார்.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி படித்துவிட்டு, என்ன எழுதிக் கொடுக்கிறேன் என்று தெரியுமா எனக் கேட்டாள். சான்று புதுப்பிக்க என்றேன். அவள் ஒரு சொல்லின் மேல் பேனாவை வைத்தாள்.

“இங்க பராதீனம்னு இருக்குக்கா. விக்கலாம், அடமானம் வைக்கலாம், யாருக்காவது தானமாவும் எழுதலாம். உங்களக் கேக்க வேண்டாம்.”

அண்ணன் தன் பேருக்கே கிரயம் செய்துகொள்ளச் சட்டம் விடாது என்றாள். ஆனால் கீழே இன்னொரு வரி, அந்த அதிகாரத்தை அவர் வேறு யாருக்கும் கைமாற்றலாம் என்றது. வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

“புத்தகம் புதுப்பிக்க விக்கிற அதிகாரம் எதுக்குண்ணே?”

“எல்லாப் பவர்லயும் அப்படித்தான் போடுவாங்க. அண்ணன் திருடன்னு தோணிச்சுன்னா அந்த வரிய அடிச்சிரு தாயே.”

கூசிப்போனேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே திரும்பினேன். அப்போது போனில், அவர் பின்னாலிருந்து யாரோ ஓர் ஆள், “போட்டாச்சா?” என்று கேட்டான். உள்ளே போய் அந்த வரிகளை அடித்துவிடச் சொன்னேன்.

அடித்துத் திருத்தினால் செல்லாது, புதிதாகத் தட்டச்சு செய்து வாருங்கள் என்றாள் அதிகாரி. அப்படியே செய்து வந்தேன். சான்றுக்கு விண்ணப்பிக்கவும் அதைப் பெற்றுக்கொள்ளவும் மட்டும். விற்கவோ தானம் தரவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை. கைமாற்றக் கூடாது. ஆறு மாதத்தோடு முடியும். அவள் கண்ணெதிரே கையெழுத்திட்டேன், முத்திரை விழுந்தது. படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. ரத்த சொந்தத்தை ஒரு தாளால் வெட்டிவிட்டேனோ என்ற பயத்தோடு டிராமில் உட்கார்ந்திருந்தேன்.

வீடு போய்ச் சேருமுன் லுவா கூப்பிட்டாள்.

“அக்கா, நீ வீட்ட வித்துட்டேன்னு அண்ணன் போன வாரமே சாமான் கட்டச் சொல்லிட்டாருக்கா. உன்னக் கேக்க பயமா இருந்துச்சு. வாங்க வந்தவங்க இன்னிக்கு அறையெல்லாம் அளந்துக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு அண்ணன் போனப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம அவங்களக் கூட்டிட்டுப் போயிட்டாரு.”

நான் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன் என்றேன். அவள் கேட்டாள்.

“அப்பா படத்தத் திரும்ப மாட்டட்டுமாக்கா?”