சுடாத கால்

என் வீட்டுக்காரருக்குக் கால் சுடாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதி அவர் பாதத்தில் இருந்த உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முள் குத்தினாலும் தெரியாது, தீ பட்டாலும் தெரியாது. போன வருடம் ஷூவுக்குள் ஒரு பொடிக்கல் விழுந்து கிடக்க, அதோடு நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் கல் ஒரு சுண்டுவிரலைக் காவு வாங்கியது. புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. "இந்தப் பாதம் பிழைச்சதே பெரிசும்மா. இன்னொரு புண்ணை இது தாங்காது" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். இவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

பாதம் பிழைத்ததற்கு நன்றி சொல்லத்தான் அன்று கோயிலுக்குப் போனோம். விடியற்காலையில் கிளம்பலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். எங்கே! ஊரையே நேரத்துக்கு ஏற்றி இறக்கிய டிரைவர், சொந்த வீட்டை விட்டுக் கிளம்ப மட்டும் ஆடி அசைந்து வருவார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

நானும் சும்மா வரவில்லை. துண்டுத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து அவருக்குக் காலுறை தைத்திருந்தேன். தையல் விளிம்பு தோலில் உரசிப் புண்ணாக்கும் என்பதால் விளிம்பை வெளிப்பக்கம் வைத்துத் தைத்தேன். கணுக்காலை இறுக்கும் எலாஸ்டிக்கும் வைக்கவில்லை. பார்ப்பதற்கு யாரோ அவசரத்தில் உள்ளே வெளியே மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். "இதைப் போட்டுக்கிட்டு சாமி முன்னாடி நின்னா சாமியே சிரிக்கும்" என்றார். "சிரிச்சா நல்லதுதான், சிரிச்ச முகத்தோட வரம் குடுக்கும்" என்றேன். வாசல் காவலாளி குனிந்து பார்த்துவிட்டு, துணிதானே, போகலாம் என்று விட்டுவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் நிழலான கல்மண்டபம். அதைத் தாண்டினால் திறந்த முற்றம், முழுக்கக் கருங்கல். முற்றத்தின் குறுக்கே சன்னதி வரை நார்ப்பாய் விரித்திருப்பார்கள். பாய்க்காரர் ஒருவர் அதன்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார். அன்று வெயில் விட்ட தண்ணீரையெல்லாம் உடனுக்குடன் குடித்துக்கொண்டிருந்தது. அதனால் அவர் பாதிப் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டியில் முக்கியெடுக்கப் போயிருந்தார். நடுவில் கல் வெறுமனே கிடந்தது.

"பாய் வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க. நான் வாசல்ல விட்ட செருப்பைக் கூடத்துல குடுத்துட்டு வந்துடறேன். அசையக்கூடாது" என்றேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் சொன்ன இடத்தில் இருந்திருக்கும்.

செருப்புக் கூடத்திலிருந்து திரும்பினேன். மண்டபத்தில் ஆள் இல்லை. முற்றத்தைப் பார்த்தேன். வாயும் வயிறுமாக ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அவள் காலில் நான் தைத்த காலுறை. இந்த உலகத்தில் விளிம்பு வெளியே தெரியக் காலுறை தைப்பவள் நான் ஒருத்திதான். அவள் பக்கத்தில் இவர், வெறுங்காலோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ கதை சொல்லியபடி, மாலை நேரத்தில் பூங்காவுக்கு வந்தவர் போல நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து வெறுங்கல்லில் வந்த நான்கைந்து பேர் அய்யோ அம்மா என்று குதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இவர் ஒருவர்தான் குதிக்கவில்லை.

நடந்தது புரிந்துவிட்டது. அந்தப் பெண் கால் வைக்க முடியாமல் தவித்திருப்பாள். இவர் கழற்றிக் கொடுத்திருப்பார். 'எனக்குச் சுடவே இல்லம்மா' என்று வேறு சொல்லியிருப்பார். பொய்யும் இல்லையே!

"என்னங்க! நில்லுங்க!" என்று கத்தினேன்.

கல்யாணமான நாளாக நான் சொன்னதை ஒரே தடவையில் கேட்காத மனுஷன், அன்றைக்குக் கேட்டார். நின்றார். கொதிக்கிற கல்லின் நடுவில், இரண்டு பாதமும் அழுந்தப் பதிய, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

நடந்தாலாவது பாதம் மாறி மாறித் தூக்கும். நிற்பது என்றால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி. "நிக்காதீங்க! ஓடுங்க!" என்று மாற்றிக் கத்தினேன். "நில்லுங்கிற, ஓடுங்கிற, என்னதான் செய்யச் சொல்ற?" என்று அங்கிருந்தே கேட்டார். நான் முற்றத்தில் இறங்கி ஓடினேன்.

"கால்ல உணர்ச்சி கிடையாதுங்க! அவருக்குச் சூடு தெரியாது!" யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பாய்க்காரர் காதில் விழுந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தவர், ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கனத்தோடு ஓடி வந்து, இவர் காலடியில் பாயைப் பொத்தென்று போட்டு, "ஏறுங்கய்யா மேல!" என்று அதட்டினார். இவரும் ஏறினார். அந்தப் பெண் முன்னால் போய்விட்டவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து இவர் கையைப் பற்றிக்கொண்டாள். மூவருமாக அவரைத் தொட்டி நிழலுக்குக் கொண்டுபோனோம். பாய்க்காரர் குழாயைத் திறந்து பாதத்தில் தண்ணீரை ஓடவிட்டார். நான் போதுமா போதுமா என்று கேட்கக் கேட்க, "இன்னும் ஓடட்டும்மா, உள்சூடு இறங்கணும்" என்று பிடித்தபடியே நின்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே காலுறையைக் கழற்றினாள். "எங்கிட்ட சொல்லவே இல்லம்மா. சத்தியமா வாங்கியிருக்க மாட்டேன்."

"நீ அழாத தாயி" என்றேன். கோபமெல்லாம் இவர்மேல்தான். அதுவும் பாதிக்கோபம்தான். வலி தெரியாத மனுஷன் அடுத்தவள் வலியைப் பார்த்துக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதை எப்படித் திட்டுவது?

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது. குதிகாலில் ஒரு சின்னக் கொப்புளம். "உடைக்காம கட்டிடலாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து காட்டணும், ஊன்றி நடக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா வேற கதைம்மா. பாயைப் போட்டவர் நல்லா இருக்கணும்" என்றார். நல்லா இருக்கணும், அவரும் அவர் பிள்ளைகுட்டிகளும் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன்.

கட்டுப் போட்டு முடித்த நர்ஸ் தரையில் என் காலடி ஈரமாகப் பதிந்திருந்ததைப் பார்த்தாள். "அம்மா, உங்க காலைக் காட்டுங்க."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அந்தக் கல்லில் ஓடியது நானும் வெறுங்காலோடுதானே! இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தன. பார்த்த நொடியில் எரிச்சல் சுரீரென்று உச்சிக்கு ஏறியது.

"எரியுதா?" என்று கேட்டார் இவர். அவர் குரலே மாறியிருந்தது.

"எரியாம? எனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையைப் புண்படாத ஓரமாகப் பாதத்தில் வைத்தார். அந்தக் கைக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது.

"இவ்வளவு சூடா இருந்துச்சு" என்றார்.