நடுவில் ஒரு வெள்ளை

ரயில் ஊரிகம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, எங்களுக்கு உட்கார இடமும் கிடைத்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பையன் விநாயக் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, நம்ம போர்வெல் மேப் பாத்தீங்களா? நானே புரோகிராம் எழுதிப் போட்டது."

பாலகாட்டில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாகிறது. அன்று காலைதான் போர்வெல் போடும் வண்டி வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் மண்ணுக்கடியில், அதிக ஆழமில்லாமல், பழைய சுரங்கப்பாதை ஒன்று ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் பதினைந்து மீட்டருக்குள் துளை போடக் கூடாது, மேல்மண் உள்வாங்கிவிடும், அதற்குள் வீடு இருந்தாலும் காலி செய்துவிட வேண்டும் என்று இடம் பார்க்க வந்த ஜியாலஜிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதினைந்து மீட்டரை வரைந்து தரும் வேலையைத் தண்ணீர்க் கமிட்டி விநாயக்கிடம் கொடுத்திருந்தது. எனக்கு அதில் கடுப்புதான். பெங்களூரில் நான் சம்பளம் வாங்குவதே இந்த மாதிரி மேப் வரைவதற்கு. கமிட்டிச் செயலாளர் சைலஸ் என் வீட்டுக்காரர் வேறு. "நீ பிஸின்னு நாங்களே முடிச்சிட்டோம்" என்றார். முடித்த லட்சணத்தை இப்போது பார்த்தேன்.

சுரங்கப்பாதை ஓர் இடத்தில் நறுக்கென்று மடங்கி, கொண்டை ஊசி போல வந்த பக்கமே திரும்புகிறது. அதைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. மடிப்புக்கு உள்ளே, போகிற கை, திரும்புகிற கை இரண்டுக்கும் நடுவில், பட்டம் போல ஒரு வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு நீலப் புள்ளி.

"இது இன்னாடா புள்ளி?"

"போர் பாயிண்ட். சுத்தியும் சிவப்பு, இந்த எடம் மட்டும் ஃப்ரீ. தண்ணித் தொட்டிக்கும் பக்கம். இன்னேரம் தேங்கா ஒடச்சிருப்பாங்க. நம்ம கமிட்டி ஏனோக் அண்ணன் ஜெபமும் பண்ணியிருப்பாரு."

அந்த இடத்தில் இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள தூரமே இருபது மீட்டர்தான். நட்டநடுவில் நின்றாலும் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. அது எப்படி வெளியே ஆகும்?

"பட்டைய எப்படி வரைஞ்ச?"

கோட்டின் இடது பக்கமாகத் தள்ளிப் போய், கோட்டின் கடைசியில் திரும்பி, வலது பக்கமாகத் தள்ளித் திரும்பி வந்து, மூடி, உள்ளே வண்ணம் அடித்தானாம். நேர்க் கோட்டுக்கு அது சரி. இவ்வளவு கூராக மடங்கும் கோட்டில், மடிப்புக்கு உள்பக்கம் தள்ளிய கோடு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகும். இரண்டு கைகளின் பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அவன் வண்ணம் அடித்த முறையில், ஒரு தடவை மூடிய இடம் உள்ளே, இரண்டு தடவை மூடிய இடம் வெளியே என்று கணக்கு. இரண்டு பக்கமும் ஆபத்தான இடம் வெள்ளையாகிவிட்டது.

"அது ஃப்ரீ இல்லடா. ரெண்டு தடவ செவப்பு!"

போனைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் இருந்த நிறமெல்லாம் போய்விட்டது.

சைலஸுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. போர் வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. ஏனோக் போன் சுவிட்ச் ஆஃப். ஜெபம் பண்ணுகிறவர் அணைத்துத்தானே வைப்பார். கமிட்டி குரூப்பில் "நிறுத்துங்க" என்று போட்டேன். அதற்கு மேலே வரிசையாகக் கை கூப்பும் பொம்மைகள். என் மெசேஜை எவரும் திறக்கக்கூட இல்லை. பங்காருபேட்டையில் ரயில் நிற்கும் முன்பே படியில் வந்து நின்றேன். ஆபீஸாவது ஒன்றாவது.

ஊருக்குத் திரும்ப ஆட்டோ கிடைத்தது. விநாயக் லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டான். நான் விடாமல் சைலஸுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் எதையும் தள்ளி நின்று பார்க்கிற ஆள் கிடையாது. துளை போடும் ராடு இறங்கும்போது கிட்டேயே நிற்பார். மண் உள்வாங்கினால் முதலில் போவது அவர்தான்.

"எத்தன தடவ மூடினாலும் உள்ளதான்னு மாத்திட்டேன். வெள்ள போயிடுச்சுக்கா," என்றான்.

பார்த்தேன். பட்டம் இருந்த இடம் முழுச் சிவப்பு. ஆனால் மடிப்பின் வெளிமுனை சப்பையாக, மூக்கை வெட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"மூக்க ஏன் வெட்டின?"

"மொதல்ல ரெண்டு கோட்டையும் நீட்டிச் சேர விட்டேன். ஊசி மாதிரி சர்ச் வரைக்கும் போச்சு. சர்ச்சுக்கே ஆபத்தான்னு எல்லாம் பயந்துட்டாங்க. அதான் ஒரே வெட்டு."

நீட்டியதும் தப்பு, வெட்டியதும் தப்பு. ஊசி விட்டால் பதினைந்துக்கு எவ்வளவோ தாண்டிப் போகும். குறுக்கே வெட்டினால் முனைக்கு நேரே ஐந்து மீட்டர்கூட மிஞ்சாது. மடிப்பு முனையில் காம்பஸ் ஊன்றி வளைக்க வேண்டும். அப்போதுதான் எங்கே அளந்தாலும் பதினைந்து வரும்.

"ரவுண்ட் பண்ணு."

பண்ணினான். அப்புறம் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அக்கா... உங்க ஊடு உள்ள வருது."

எனக்குத் தெரியும். கொண்டை ஊசியின் வளைவு எங்கள் கொல்லையைத்தான் பார்க்கிறது. வெட்டிய மூக்கில் வீடு தப்பியிருந்தது.

"போரத்தானே நிறுத்தணும்? மூக்கு அப்படியே இருக்கட்டும்க்கா. இன்னிக்கு யாரும் கேக்கப் போறதில்ல," என்றான் மெதுவாக.

பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வீட்டுக்கு இப்போதுதான் புதுத் தரை போட்டோம். ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "இருக்கட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ரவுண்டாவே இருக்கட்டும்," என்றேன்.

புழுதியைப் பார்த்ததும் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இறங்கி ஓடினேன். சைலஸ் நான் நினைத்தபடியே ராடுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், அத்தனை பேர் பார்க்க. என் முகத்தைப் பார்த்துவிட்டு போர் வண்டி டிரைவருக்குக் கை காட்டினார். சத்தம் நின்றது.

குடத்தோடு நின்றிருந்த பாப்பம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அடுத்த லைனில் இருப்பவள், வயசில் பெரியவள்.

"இன்னாடி ஆட்டம் இது? நீ பெங்களூர்ல குளிச்சிட்டு வருவ. நாங்க இன்னா பண்றது? மேப்புல வெள்ளயா கீதுன்னு எல்லாம் பாத்தோமே!"

"அது தப்பா வந்த வெள்ள, அத்த."

"நேத்து வெள்ள, இன்னிக்குச் செவப்பா? வேற எடத்துல போட்டா உன் ஊட்டாண்ட தண்ணி வருமோ?"

மற்றவர்களும் கூட ஆரம்பித்தார்கள். ரெண்டு தடவை, ஒரு தடவை என்று நான் கத்திக்கொண்டிருந்தது எவர் காதிலும் ஏறவில்லை. டிரைவர், போடறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அழுகை வந்துவிட்டது. விநாயக்தான் லேப்டாப்பை பாப்பம்மா கண்ணெதிரே பிடித்தான். அவள் தன் வீட்டைத் தேடினாள். பட்டைக்கு வெளியே இருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தேடினாள். பிறகு வளைவின் மேல் விரலை வைத்தாள்.

"இது யார் ஊடு?"

"எங்க ஊடு," என்றேன்.

"உள்ளயா கீது?"

"ஆமா."

"நேத்து வெளிய இருந்துச்சே."

"அதுவும் தப்புதான். நான்தான் மாத்தச் சொன்னேன்."

பாப்பம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, டிரைவரைப் பார்த்து, "ராட உருவுய்யா," என்றாள். டிரைவர் ராடை உருவ ஆரம்பித்தார்.

வண்டி நகரும் வரை சைலஸ் லேப்டாப்பை விட்டு அசையவில்லை. ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நேராக வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டைக் காலி செய்ய முதல் சாமானோடு வெளியே வந்தார், தோளில் கேஸ் சிலிண்டர்.