கடத்தல்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் எழுந்து ஓட முடியாத நிலையில் இருந்தேன்.

என் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திக்கொண்டவை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி, அவை நகராமலிருக்கப் பிளாஸ்திரி. ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கும், இன்னொன்று சுத்தமானதை உள்ளே அனுப்பும். நாலு மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. வலது கை சும்மா இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் பிரிவின் டெக்னீசியனை நாங்கள் எல்லோரும் ஊசியக்கா என்போம். வயதில் எனக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் ஊசி அவள் கையில் இருக்கிறதே, அதனால் அக்கா.

அன்றைக்கு நான் தூக்கக் கலக்கத்தில் கையை மடக்கிவிட்டேன். மெஷின் அலற ஆரம்பித்தது. அழுத்தம் தாறுமாறானால் பம்ப் தானாக நின்றுவிடும், அதில் பயமில்லை. நின்றதை நிற்கவிட்டால்தான் ஆபத்து. குழாய்க்குள் இருக்கும் ரத்தம் உறைந்துபோகும். வழக்கமாக முதல் அலறல் முடிவதற்குள் ஊசியக்கா வந்துவிடுவாள். அன்று எனக்கு நேர் எதிரே, கண் திறந்தபடி, நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா... அக்கா!"

திடுக்கிட்டு ஓடிவந்தாள். கையை நேராக்கினாள், குழாயைப் பார்த்தாள், பம்ப்பை ஓட விட்டாள். எல்லாம் சரியானபிறகு அவள் முகத்தில்தான் ரத்தம் இல்லை.

"சாரி சார். நான் நின்னுக்கிட்டே தூங்கிட்டேன் போல."

"வீட்ல தூக்கமில்லையா?"

"தூங்கினாத்தான சார் கடத்திட்டுப் போறானுங்க."

(இந்த வாக்கியத்தைக் கேட்டும் எழுதாமல் இருப்பவன் எழுத்தாளனே இல்லை. அவள் சம்மதம் வாங்கினேன். ஒரு நிபந்தனை: "என்னய ரொம்ப அழவிடாதீங்க. நான் அவ்ளோ அழறவ இல்ல.")

2.

முதல் தொடக்கம்: *இருள் சூழ்ந்த அந்த அறையில் அவள் கைகள் கட்டப்பட்டு*

வேண்டாம். அவள் கனவில் இருள் இல்லையாம். நல்ல ட்யூப்லைட் வெளிச்சம்.

இரண்டாம் தொடக்கம்: *ஒவ்வொரு மனிதனும் ஒரு விதத்தில் கைதிதான் என்று*

இதை எழுதிய கையை மடக்கி வைக்கலாம்.

மூன்றாவது முறை, அவள் சொன்னபடியே.

ஊசியக்கா வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறாள். ஒரு வேன் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள். "ஏறுங்கம்மா, நேரமாச்சு" என்கிறார்கள். அவளும் ஏறிவிடுகிறாள், ஏதோ ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்ட மாதிரி. ஓர் அறை, ஒரு நாற்காலி. இடது கையைப் பிளாஸ்திரியால் கைப்பிடியோடு ஒட்டுகிறார்கள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கேட்டு ஒட்டுகிறார்கள். போர்வை தருகிறார்கள். கத்தப் பார்க்கிறாள், தொண்டையில் காற்றுகூட வரவில்லை. ஓடப் பார்க்கிறாள், கால் அவளுடையதாகவே இல்லை. கதவருகே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருக்கிறான். அந்த டக் டக் சத்தம் தாங்க முடியவில்லை. அவன் திரும்பாமலே கேட்கிறான்: "எப்பம்மா தொறப்பே?"

அத்தோடு விழிப்பு. விடிந்தும் விடியாத நேரம். பக்கத்து அறையில் அப்பா வாசல் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருப்பார்.

"எப்பம்மா தொறப்பே? கடைக்கு நேரமாச்சு."

அப்பா கடிகாரம் பழுதுபார்த்தவர். கடை கைமாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்கு மட்டும் அது தெரியாது. ஞாபகம் உதிர்ந்துகொண்டே வரும் நோய். ஒருமுறை கதவு திறந்திருந்தபோது வெளியே போய், மூன்று தெருத் தள்ளி, யாரோ ஒருவருடைய கடையின் ஷட்டரைத் தூக்கப் பார்த்து அடிவாங்கி வந்தார். அன்றிலிருந்து வாசல் பூட்டியே இருக்கிறது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் பெண்ணிடம் ஒரு சாவி. இன்னொன்று ஊசியக்காவின் கழுத்தில், கயிற்றில். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

3.

(இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரைபோல இருக்கும். சிரமமெனில் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் அவள் பிறகு ஏன் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள் என்பது புரியாது.)

கூட வேலை செய்யும் நர்ஸ் உடனே பலன் சொல்லிவிட்டாள்: "கடத்துற மாதிரி கனவு வந்தா வெளிநாட்டு யோகம்க்கா." ஊசியக்கா சொன்னாளாம்: "அதான் பாஸ்போர்ட்டுக்குக்கூட வழியில்லாம உக்காரவெச்சிருக்கானுங்க."

எங்கள் பிரிவுக்கு ஒரு மனநல ஆலோசகர் வருவார். நோயாளிகளுக்காக வருபவர்தான். தன் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் ஊசியக்கா விளையாட்டாகச் சொல்லிப்பார்த்தாள். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கத்த முடியலன்னு சொன்னீங்கல்ல? கனவு வர்ற தூக்கத்துல உடம்பு தசைகளைத் தளர்த்தி வெச்சிரும். இல்லைன்னா கனவுல ஓடுறப்ப நெசமாவே எந்திரிச்சு ஓடிருவோம். அதுதான் கனவுக்குள்ள கட்டிப்போட்ட மாதிரி தெரியும்னு சிலர் சொல்றாங்க. விடியற நேரத்துல அந்தத் தூக்கம் நீளமா இருக்கும். தாழ்ப்பாள் சத்தம் காதுல விழுது, தூக்கம் அதைக் கதைக்குள்ள சேர்த்துக்குது."

"அப்ப இதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்லையா?"

"அகராதி அர்த்தம் எதுவும் கிடையாது. பகல்ல எந்த உணர்ச்சிக்கு நீங்க நேரம் குடுக்கலையோ, அதுக்குக் கனவு ஒரு படம் போடும். பகல்ல யாரு கையை ஒட்டுறா?"

"நான்தான்."

"யாரு பூட்டுறா?"

ஊசியக்கா கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"குத்தம் சொல்லலம்மா. பூட்டித்தான் ஆகணும். ஆனா பூட்டுறவங்களும் உள்ளதான இருக்காங்க?"

*இங்கே நான் முதலில் "அவள் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். நிபந்தனை நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன். அவள் உண்மையில் செய்தது: ஆலோசகருடைய டப்பா மூடியை எடுத்து மூடிக் கொடுத்தாள். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.*

அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். அடிக்கடி வரும் கெட்ட கனவை விழித்திருக்கும்போது எழுதிப்பார்ப்பது. பிறகு அதில் எந்த இடத்தை வேண்டுமானாலும் மனம்போல மாற்றுவது. மாற்றியதை மட்டும் தினமும் கொஞ்ச நேரம், பகலில், கண்ணை மூடி ஓட்டிப்பார்ப்பது. பல பேருக்குச் சில வாரங்களில் கனவு வருவது குறையும், எல்லோருக்கும் இல்லை. மந்திரம் இல்லை, பழக்கம்.

அதாவது என் வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

4.

அவளுடைய முதல் திருத்தம்: போலீஸ் வருகிறது.

"எப்படி இருக்கு சார்?"

"நம்புற மாதிரி இல்ல."

"எனக்கும். அந்த ரூம்ல போலீஸ் வந்தா அவங்களையும் உக்காரவெச்சுப் போர்வை குடுப்பானுங்க."

இரண்டாவது: கதவருகே நிற்பவனைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு ஓடுகிறாள். கண்ணை மூடி ஓட்டிப்பார்த்தபோது அவன் அப்பாவின் செருப்பைப் போட்டிருந்தான். தள்ள முடியவில்லை.

மூன்றாவது: பிளாஸ்திரியைப் பிய்க்காமல் மெதுவாக, தோல் உரியாமல் எடுக்கிறாள் (அது அவளுக்குத் தெரிந்த வேலை). எழுந்து கதவருகே போகிறாள். வெளியே இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர் வந்து கதவைத் திறக்கிறார்.

ஆலோசகர் இதைக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. யாரைக் கூப்பிடுறீங்க?" என்றார்.

அங்கேதான் கதை நின்றது. நாலைந்து நாள் நின்றது. ஊசியக்காவுக்கு ஒரு பெயரும் வரவில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. ஊரின் மறுகோடியில் குடும்பத்தோடு இருக்கிறான். தினமும் வீடியோவில் வருவான். "அப்பா இளைச்ச மாதிரி இருக்காரே, சரியாக் குடுக்கிறியா?" என்பான். என் முதல் வரைவில் அவனை நன்றாக வறுத்தெடுத்திருந்தேன். தங்கச் சங்கிலி, உரத்த சிரிப்பு, எல்லாம் போட்டிருந்தேன். ஊசியக்கா படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அவன் அவ்ளோ மோசமில்ல சார். பயந்தவன். ஒரு தடவை அப்பா அவனைப் பார்த்து 'யாருங்க நீங்க'ன்னு கேட்டுட்டாரு. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டு அழுதான். அதுக்கப்புறம்தான் வர்றதில்ல."

சங்கிலியைக் கழற்றிவிட்டேன். வில்லன் இல்லாத கடத்தல் கதையை எப்படி எழுதுவது என்று

சரி, எழுதித்தான் பார்ப்போம்.

5.

வேலை இடைவேளையில், சுத்திகரித்த தண்ணீர் டாங்க் இருக்கும் அறையில் நின்றுகொண்டு, அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"சனிக்கிழமை காலையில வந்துரு. சாயந்திரம் வரைக்கும் நீ அப்பாகூட இரு. நான் வெளிய போறேன்."

"எங்க போறே?"

"தெரியாது."

"தெரியாமயா போறே? ஏதாவது பிரச்சனையா?"

"பிரச்சனை இல்லண்ணா. போகணும்."

அண்ணன், "நீ இருக்கேங்கற தைரியத்துலதாம்மா நான் இருக்கேன்" என்றான்.

"அந்தத் தைரியத்துல கொஞ்சம் எனக்கும் குடு."

டாங்க்கில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் வைத்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றான்.

6.

சனிக்கிழமை அவன் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவன்போல.

அவள் வரிசையாகச் சொன்னாள். அடுப்பின் திருகியைக் கழற்றி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். குளிக்கத் தண்ணீரை நீ தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்று. கடைக்குப் போகணும் என்றால் கடை இல்லை என்று சொல்லாதே, ஒவ்வொரு தடவையும் யாரோ அப்போதுதான் செத்ததுபோல அழுவார். பேச்சை மாற்று.

"என்னன்னு மாத்துறது?"

"எனக்கே தினமும் தெரியாது. வர்றதச் சொல்லு."

கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். கழுத்து லேசாகிவிட்டது, யாரோ தொட்டதுபோலக் கூசியது.

அப்பா அறையிலிருந்து வந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

அண்ணனின் முகம் வாடியது. ஊசியக்கா குறுக்கே பேச வாயெடுத்தாள். அதற்குள் அவன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான்.

"வாட்ச் ரிப்பேருங்க. ஓட மாட்டேங்குது."

அப்பா வாங்கிக் காதருகே வைத்தார். உட்கார்ந்தார். "நல்லாத்தான ஓடுது. யாரு ஓடலன்னு சொன்னது? இப்படி உக்காருங்க, பாப்போம்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை வருடங்களாகத் தனக்கு அது தோன்றவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் பொறாமையும்தான். (இதையும் போடுங்கள் என்று அவளே சொன்னாள்.) செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பின்னால் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை அவள் வெளியே இருந்தாள்.

எங்கே போவது? வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். "எங்கம்மா?" என்றார் கண்டக்டர். "கடைசி வரைக்கும்" என்று டிக்கெட் வாங்கினாள். ஜன்னலோரம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் வரை வீட்டை நினைத்தாள். பிறகு தலையைக் கம்பியில் சாய்த்து, பட்டப்பகலில், தூங்கிவிட்டாள்.

7.

முடிவு ஒன்று: கனவில் அதே அறை. கதவு திறக்கிறது. வாசலில் அண்ணன்

முடிவு இரண்டு: கனவே வரவில்லை.

முடிவு மூன்று: வேன் வருகிறது. அவள் "இன்னைக்கு லீவு" என்கிறாள்.

மூன்றில் எது என்று திங்கட்கிழமை ஊசி குத்தும்போது கேட்டேன். பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அதச் சொல்ல மாட்டேன் சார். எல்லாத்தையும் உங்ககிட்டக் குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கும்?"

"வாசகர்கள் கேப்பாங்களே."

"கேக்கட்டும். வலிக்குதா?"

"இல்ல."

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஜன்னலோரத்தில் ஒருத்தி வாயை லேசாகத் திறந்து தூங்குகிறாள். வண்டி திரும்பிப் போக இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கும்போது உங்களைப் பார்த்து, "உங்ககூட வந்தவங்களா? எழுப்பிவிடுங்க, இல்ல அப்படியே விடுங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்கு ஒரு கைதான் சும்மா இருக்கிறது, அதிலும் பேனா. நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள்.