மாப்பிள்ளை மிதித்த மூடி

ஒரு புகைப்படம் எந்த ஊர்த் தெருவில் எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேங்கடேசனிடம் போவார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வீட்டு மாடியில் ‘உலகத் தெருவியல் ஆய்வு மையம்’ என்று பலகை மாட்டியிருந்தார். உள்ளே ஒரு கணினி, ஒரு பூதக்கண்ணாடி, பல சந்தர்ப்பங்களில் அவருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள். நிறுவனரும் தலைவரும் முதன்மை ஆய்வாளரும் அவரே என்பதால் மையத்தில் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

விஷயம் தெரியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. வத்திராயிருப்பு மாந்தோப்புக்காரர் ஒருவர் லண்டன் போய் வந்ததாகப் படம் போட்டார். படத்தில் அவர் காலருகே சிவப்பாக ஒரு தீயணைப்புக் குழாய் நின்றது. லண்டனில் அது தெருவில் நிற்காது. தரைக்கடியில் ஒரு மூடிக்குள் படுத்திருக்கும், அது இருக்கும் இடத்தைப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தகடுதான் காட்டும். வேங்கடேசன் இதைக் கூட்டம் போட்டுச் சொன்னார். மாந்தோப்புக்காரர் கோலாலம்பூரோடு திரும்பிவிட்டதை ஒப்புக்கொண்டார். அன்றைக்கும் ஒரு பொன்னாடை.

அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் ராஜபாளையத்திலிருந்து நைனா முகமது வந்தார். பேண்டேஜ் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறவர். மகள் ரிஸ்வானாவுக்கும் நியூயார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஃபயாஸுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளைக்குச் செருப்பு எடுக்க அளவு கேட்டிருந்தார்கள். அவர் தெருவில் நின்றபடி தன் வலது காலை மேலிருந்து படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

கால் சரியாகத்தான் இருந்தது. காலுக்குக் கீழே வட்டமான ஓர் இரும்பு மூடி. பாதாளச் சாக்கடை மூடி. நடுவிலிருந்த எழுத்துகளை ஷூ மறைத்திருந்தது. மிச்ச ஓரத்தில் ஆங்கிலத்தில் அழுத்தமாக வார்த்திருந்தது: ‘மேட் இன் இந்தியா’.

வேங்கடேசன் பூதக்கண்ணாடியை எடுத்தார். கணினித் திரையில் அதை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் பார்த்தார்.

“பாய், மனுஷன் பொய் சொல்லுவான். இரும்பு சொல்லாது. எழுத்தே இருக்கு பாருங்க.”

“அப்போ மாப்பிள்ளை அமெரிக்காவுல இல்லையா சார்?”

“மூலையில தீயணைப்புக் குழாய் தெரியுது. மும்பையில அது உண்டு. உங்க மாப்பிள்ளை மும்பையில நின்னுக்கிட்டு நியூயார்க்குன்னு சொல்லுதாரு.”

முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றும் தந்தார். அதில் அவருடைய படம், மாப்பிள்ளையின் கால், இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

இரவுச் சாப்பாட்டின்போது நைனா முகமது அறிவித்தார். “காலையில அவிய வீட்டுக்குப் போறேன். சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்.”

ரிஸ்வானா தட்டை ஒதுக்கிவைத்தாள். நான்கு மாதமாக ஃபயாஸோடு பேசிக்கொண்டிருந்தாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற ஆள். அது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

சான்றிதழை வாங்கிப் படித்தாள். இந்த வித்தை அவளுக்கும் தெரியும். முன்பின் தெரியாத தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு ‘எந்த ஊர், சொல்’ என்று கேட்கும் விளையாட்டை ஃபோனில் தினமும் ஆடுகிறவள். வீட்டில் அதற்குப் பெயர் ‘வெட்டி வேலை’. பலகை மாட்டாததுதான் குறை.

“அத்தா, நம்ம பேண்டேஜ் பெட்டியில என்ன போட்டிருக்கும்?”

“மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கும். அதுக்கென்ன இப்போ?”

“ஜெர்மனியில ஒருத்தன் முட்டியில நம்ம பேண்டேஜைச் சுத்தியிருக்கான். அவன் இப்போ எங்க இருக்கான்? ராஜபாளையத்துலயா?”

அம்மா மாஜிதா சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறினாள்.

“துணி வேற, இரும்பு வேற,” என்றார் நைனா முகமது. குரலில் சுருதி குறைந்திருந்தது.

“கல்கத்தா பக்கம் ஹவுராவுல வார்த்துக் கப்பல்ல அனுப்புதாங்க அத்தா. நியூயார்க் தெருவுல இந்த மூடி எம்புட்டோ கெடக்கு.”

“அப்போ அது நியூயார்க்தானா?”

ரிஸ்வானா யோசித்தாள். “எழுத்தை மட்டும் வச்சு நியூயார்க்குன்னும் சொல்ல முடியாது, மும்பைன்னும் சொல்ல முடியாது. மத்ததையும் பாக்கணும். காலையில போகாதீங்க, செத்த பொறுங்க.”

மற்றது படத்தின் ஓரங்களில் இருந்தது. தீயணைப்புக் குழாயின் உடம்பு கறுப்பு, தலை வெள்ளி. நியூயார்க்கில் பெரும்பாலும் அப்படித்தான். வண்டி இடிக்காமலிருக்க இருபுறமும் இரண்டு இரும்புக் கம்பங்கள், ஒன்று சாய்ந்திருந்தது. நடைபாதை விளிம்பில் மழைநீர் வடிகாலின் கிராதி. தரையில் பட்டை பட்டையாக நிழல். தலைக்கு மேலே ஏதோ பாலம். ஃபயாஸ் பேசும்போதெல்லாம் மேலே ரயில் தடதடப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

நியூயார்க்கில் தெருவுக்கு மேலே ரயில் ஓடும் இடங்களை வரைபடத்தில் பார்த்து, இணையத்தில் தெருப்படம் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் ஒவ்வொரு தெருவாக நடந்தாள். மறுநாள் சாயங்காலம் அகப்பட்டது. கறுப்புக் குழாய், அதே சாய்ந்த கம்பம், அதே கிராதி, அதே தூரத்தில் மூடி. நியூயார்க்தான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த நகரத்தின் குவீன்ஸ் பகுதி. ஃபயாஸ் நான்கு மாதமாகச் சொல்லி வந்தது நகரத்தின் பேர்பெற்ற நடுப்பகுதியான மன்ஹாட்டன்.

அத்தாவிடம் சொல்லுமுன் அவனைக் கூப்பிட்டாள்.

“செருப்பு அளவுக்குப் படம் எடுத்தீங்கல்ல, அது எங்க?”

“வீட்டு வாசல்ல. ஏன், கால் பெருசா இருக்கா?” சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

“வீடு எங்க இருக்கு?”

சிரிப்பு நின்றது. ரயில் ஒன்று போனது.

“குவீன்ஸ்,” என்றான். “மன்ஹாட்டன்ல ஆபீஸ். வாடகைக்குக் கட்டுபடியாகாது ரிஸ்வானா. ஊர்ல குவீன்ஸ்னா யாருக்குத் தெரியும்? சுந்தரபாண்டியத்துக்காரங்க வெளியூர்ல ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொல்லுததில்லையா, அது மாதிரி.”

“வெளியூர்ல சொல்லட்டும். கட்டிக்கப்போறவகிட்டயும் அப்படியா?”

“தப்புதான்.”

“அத்தாகிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னைக்கே. நான் சொன்னா அது காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். நீங்க சொல்லலைன்னா நானே வேண்டாம்னு சொல்லிருவேன்.”

அன்று இரவே அவன் சொல்லிவிட்டான். நைனா முகமதுக்கு மும்பை இல்லை என்பதே பெரிய நிம்மதி. குவீன்ஸ் என்பதை அவர் மன்ஹாட்டனில் ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வேங்கடேசனிடம் போய் ஸ்ட்ரீட் வியூவைக் காட்டினார். வேங்கடேசன் பூதக்கண்ணாடியைத் தேடவில்லை.

“பாய், சான்றிதழை நிதானமாப் படிச்சீங்களா? ‘இந்திய இரும்பு’ன்னு எழுதியிருக்கேன். இரும்பு இந்தியாதானே?”

“ஆமா சார்.”

“அப்போ என் முடிவு சரி. முகவரியிலதான் சின்ன மாத்தம்.”

அடுத்த வாரம் ‘அமெரிக்கா மிதிக்கும் இந்தியா’ என்ற தலைப்பில் உரையாற்றப் போவதாகவும், ஏற்றுமதியாளர் என்ற முறையில் நைனா முகமதுதான் தலைமை தாங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நைனா முகமது ஒப்புக்கொண்டார். பொன்னாடையும் அவர் செலவு.

நிக்காஹ் அழைப்பிதழின் மாதிரி வந்தது. சரிபார்க்க ரிஸ்வானாவே அச்சகத்துக்குப் போனாள். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் ‘மன்ஹாட்டன், அமெரிக்கா’ என்று இருந்தது.

“இது யார் எழுதிக் கொடுத்தது?”

“உங்க அத்தாதான் சொன்னாக,” என்றார் அச்சகக்காரர் பாண்டிதுரை.

அவள் அடித்துவிட்டு ‘குவீன்ஸ்’ என்று எழுதினாள்.

“அக்கா, இது எடுப்பா இருக்காதே. பேரு கேள்விப்பட்ட மாதிரியே இல்லையே.”

“நான் அங்கதான் போயி இருக்கப்போறேன்,” என்றாள் ரிஸ்வானா. “அப்படியே போடுங்க.”