தமிழ்ப் பக்கத்தில் இல்லாத படம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் காது என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பொது நூலகத்தின் இணையதளம் தமிழ், ஆங்கிலம் என இரண்டு மொழிகளில் இருந்தது. இரண்டையும் திரைவாசிப்பானில் கேட்டுச் சரிபார்ப்பது அவள் வேலை. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் அந்த மென்பொருளை அவள் ஓட்டுகிற வேகத்தில், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கும். அவளுக்கு ஒரு எழுத்து தப்பாது.

திரைவாசிப்பான் வாசிப்பதற்காகத் தமிழ்ப் பக்கத்தின் படங்களுக்கு விவரிப்பு எழுதியவள் அவளுடைய அண்ணி. அந்த இடம் காலியானபோது பிரிவுத் தலைவியான மேடத்திடம் அண்ணியின் பெயரைச் சொன்னதே காதுதான். அண்ணன், அண்ணி, அவள் மூவருக்கும் ஒரே வீடு. காலையில் அண்ணியும் அவளும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்காருவார்கள்.

முதல் மாதம் அண்ணி எழுதியதையெல்லாம் காது திருப்பி அனுப்பினாள். ‘ஒரு பெண் புத்தகம் படிக்கும் படம்’ என்று எழுதியிருந்தாள் அண்ணி.

“படம்னு அதுவே சொல்லிடும் அண்ணி. நீங்களும் சொன்னா ரெண்டு தடவை கேக்குது.”

தேடல் பொத்தானுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று இருந்தது.

“பூதக்கண்ணாடியை வச்சு நான் என்ன பண்றது? அதை அமுக்கினா என்ன நடக்கும்னு சொல்லுங்க. ‘தேடு’. தீர்ந்தது.”

“அப்ப இந்தப் பூ, கோடு, இதுக்கெல்லாம்?”

“வெறும் அழகுக்குன்னா விவரிப்பை வெறுமையா விடுங்க. திரைவாசிப்பான் கண்டுக்காம தாண்டிப் போயிடும். ஆனா விவரிப்புக்கான இடத்தையே வைக்க மறந்துடாதீங்க. மறந்தா, கோப்போட பேரை எழுத்தெழுத்தா வாசிச்சு உயிரை வாங்கும்.”

அண்ணி கெட்டிக்காரி. ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல எழுத ஆறே மாதத்தில் பழகிவிட்டாள். பிறகு மதிய உணவு இடைவேளைகளில் காது சொல்லச் சொல்ல அண்ணி தட்டச்சு செய்து, தமிழில் படவிவரிப்பு எழுதுவதற்கு நாற்பது பக்கக் கையேடு ஒன்றை இருவரும் உருவாக்கினார்கள். ஒவ்வொரு விதிக்கும் காது தன் அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் சொன்னாள். கோப்பு அண்ணியின் கணக்கில் இருந்தது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

போன சனிக்கிழமை நூலகத்தில் ஒரு கூட்டம் இருந்தது. “நாலு பேர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அறுக்கப் போறாங்க. நீ எதுக்கு வந்து கஷ்டப்படணும்?” என்றாள் அண்ணி. காது வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்த அண்ணி செருப்பை உதறிவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அண்ணன் ஏதோ வேலையாக வெளியே போய்விட்டு வந்ததாகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை செய்திப் பக்கம் சரிபார்ப்புக்கு வந்தது. அண்ணி அன்று தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தாள். காது வழக்கம்போல முதலில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, படத்திலிருந்து படத்துக்குத் தாவும் விசையை அழுத்திக்கொண்டே போனாள். மூன்று படங்கள். விவரிப்புகள் மூன்றும் சுத்தம். ஆங்கிலப் பக்கத்துக்கு மாறினாள். அங்கே நான்கு.

நான்காவது படத்தின் ஆங்கில விவரிப்பை ஆங்கில ஆசிரியர் எழுதியிருந்தார். கையேட்டை எழுதியவருக்கு நூலகத் தலைவர் விருது வழங்குகிறார் என்றது குரல். அது வேறு ஏதோ கையேடாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். தமிழ்ப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல நிரலைத் திறந்து கேட்டாள். படம் அங்கேயும் இருந்தது. விவரிப்பின் இடமும் இருந்தது, அதற்குள்ளேதான் ஒன்றுமில்லை. வெறும் அழகுக்கான படம் என்று அர்த்தம்.

மாற்றங்களின் வரலாற்றைப் பார்க்கும் அனுமதி அவளுக்கு உண்டு. திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அண்ணி அந்த இடத்தில் ஒரு விவரிப்பு எழுதியிருக்கிறாள். பத்து இருபத்தாறுக்கு அதை அழித்திருக்கிறாள். அழிக்கப்பட்டதை வாசிக்கச் சொன்னாள் காது.

‘தமிழ்ப் படவிவரிப்புக் கையேட்டுக்கான விருதை அதன் ஆசிரியர் நூலகத் தலைவரிடமிருந்து பெறுகிறார். கையேட்டின் அட்டையில் ஆசிரியரின் பெயர் மட்டும் உள்ளது. அருகில் அவருடைய கணவர் கைதட்டுகிறார்.’

முக்கியமானது முதலில். ‘படம்’ என்ற சொல் இல்லை. சுருக்கம், தெளிவு, பேச்சுக்கு நெருக்கமான நடை. திருத்த ஓர் எழுத்து இல்லை. அவளே எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

கணவர் கைதட்டுகிறார் என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேகத்தைக் குறைத்தும் ஒருமுறை கேட்டாள்.

மதியம் அண்ணி வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். காது ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்த விவரிப்பை ஒலிபெருக்கியில் ஓடவிட்டாள். மெதுவான வேகத்தில்.

அண்ணி ஒலிபெருக்கியின் ஒலியைக் குறைத்தாள். பிறகு, “கோப்பு என் பேர்ல இருந்துச்சும்மா. யார் எழுதினதுன்னு மேடம் கேட்டாங்க. நான்தான்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

“சரி. வாயில வந்துடுச்சு. இது கையால அழிச்சது.”

“உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான்.”

“நான் கஷ்டப்படணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணீங்களா? பார்க்கிறவங்க எல்லாரும் இந்தப் படத்தைப் பார்ப்பாங்க. எனக்கு மட்டும்தான் இது இல்லாமப் போகுது. விவரிப்பை எப்படி விட்டா நான் தாண்டிப் போவேன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னா நான்தான் சொன்னேன்.”

“மேடம்கிட்ட போயிடாதே. குடும்ப விஷயம்.”

“அண்ணனுக்கும் தெரியுமில்ல?”

அண்ணியின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

காது பிழைப் பதிவேட்டைத் திறந்தாள். எந்தப் பிழையையும் பதிவதுபோலவே பதிந்தாள். ‘செய்திப் பக்கம், தமிழ். நான்காவது படம் செய்தி சொல்லும் படம், அழகுக்கானது அல்ல. விவரிப்பு எழுதப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டுள்ளது. மீட்கவும்.’ அடுத்த வரியில், ‘விவரிப்பு படத்துக்குச் சரி. படத்தில் உள்ள அட்டை உண்மைக்குச் சரியல்ல’ என்று சேர்த்து அனுப்பினாள்.

மேடம் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். விவரிப்பு அன்றே திரும்ப வந்தது. கையேட்டின் அடுத்த பதிப்பில் காதின் பெயரும் வந்தது, இரண்டாவதாக, ‘உதவி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில். மேடம் அதைப் பெரிய சலுகையாகச் சொன்னார். காது சரி என்றாள். மேலே பேசத் தெம்பில்லை.

பிழையைப் பதிந்த அன்று இரவு சாப்பாட்டின்போது அண்ணன், “பாப்பா, அவ நல்லதுக்குத்தான் பண்ணினா” என்று ஆரம்பித்தான்.

“நீ கைதட்டினியா இல்லையா?”

“எல்லாரும் தட்டினாங்க.”

“எல்லாரும் எனக்கு அண்ணன் இல்லை” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து, அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள்.

வேலை மட்டும் பழையபடி நடந்தது. மேசை அதேதான். ஆனால் அண்ணியின் விவரிப்புகள் மாறிவிட்டன. எதையாவது விட்டுவிட்டாய் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சுவரின் நிறம், தரையின் ஓடு, மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டி வரைக்கும் எழுதினாள். ஒரு படத்தைக் கேட்டு முடிக்க அரை நிமிஷம் ஆயிற்று. காது அவற்றைத் திருப்பி அனுப்பத் தொடங்கினாள். ‘நீளம். தேவையானது மட்டும் போதும்’ என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதினாள்.

தேவையானதை மட்டும் எழுதி அவை திரும்பி வந்தன. நன்றாகவே இருந்தன. ‘சரி’ என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்த விவரிப்பை அவள் இன்னொருமுறை கேட்டாள், பிறகு எதிர் மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இந்தப் படத்துல வேற ஏதாவது இருக்கா, பார்த்துச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். அண்ணி தன் பக்கத்தில் தட்டச்சு செய்வதை நிறுத்தியது அவளுக்குக் கேட்டது.